வாடிக்கையாளர் நிறுவனத்துக்குள் கைமாறும் சுருக்கக் குறிப்பு: விளக்கக்காட்சியை உங்கள் ஆதரவாளர் அப்படியே அனுப்பும்படி எழுதுவது எப்படி

கூட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் தரப்பில் உங்கள் திட்டத்தை விரும்பும் ஒருவர், "ஸ்லைடுகளை அனுப்பிவையுங்கள், உள்ளே மற்றவர்களுக்கும் காட்டுகிறேன்" என்பார். பெரும்பாலான விற்பனையாளர்கள் அன்று மாலையே கோப்பை இணைத்து, "கேட்டபடி இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பின் நடப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆதரவாளர் அந்தக் கோப்பைத் தன் நிதித் தலைவருக்கு அனுப்ப வேண்டுமானால், இது என்ன, ஏன் இப்போது, அவரிடம் என்ன கேட்கிறோம் என்று முதலில் தானே நாலு வரி எழுதியாக வேண்டும். வேலை நெருக்கடியில் அந்த நாலு வரி நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு என்று தள்ளிப்போகும். இல்லையென்றால் "பார்த்துக் கருத்துச் சொல்லவும்" என்ற ஒற்றை வரியோடு கோப்பு போகும். நிதித் தலைவர் முதல் ஸ்லைடில் விற்பனை நிறுவனத்தின் வரலாற்றையும் இரண்டாவதில் அதன் அலுவலகங்களின் வரைபடத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்.

அந்த நாலு வரியை விற்பனையாளரே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 120 முதல் 150 சொற்கள், ஆதரவாளரின் பெயரில் போனாலும் பொருந்தும் நடை, கூட்டத்துக்கு வராதவருக்கும் புரியும் உள்ளடக்கம். இதைச் சுருக்கக் குறிப்பு என்று அழைப்போம். இதன் வாசகர் ஆதரவாளர் அல்லர். அவர் ஏற்கெனவே உங்கள் பக்கம். உங்களைச் சந்தித்திராத, "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் உள்ள மூன்றாம் மனிதர்தான் வாசகர். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த மூன்றாம் மனிதரை மனத்தில் வைத்தே சொல்லப்படுகிறது.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சப்ளையர்களிடமிருந்து வரும் பில்களைச் சரிபார்த்து ஒப்புதலுக்கு அனுப்பும் மென்பொருளை ஒரு நிறுவனம் விற்கிறது. அதன் விளக்கக்காட்சியில் 28 ஸ்லைடுகள். வாங்கக்கூடியது, இரண்டு ஆலைகள் கொண்ட ஓர் உற்பத்தி நிறுவனம். ஆதரவாளர், அங்குள்ள கணக்குப் பிரிவு மேலாளர். முடிவெடுக்க வேண்டியவர்கள் நிதித் தலைவரும் தகவல் தொழில்நுட்பத் தலைவரும்.

முதல் படி: கூட்டம் கலையும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்

குறிப்பு நன்றாக வருமா என்பது எழுத உட்காரும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. "ஸ்லைடுகளை அனுப்புங்கள்" என்று ஆதரவாளர் சொன்ன அந்த நிமிடத்தில், "கண்டிப்பாக. நீங்கள் எழுதும் வேலையை மிச்சப்படுத்த, கூடவே ஒரு சிறு சுருக்கமும் தருகிறேன். யார் யாருக்குப் போகும்?" என்று கேளுங்கள். பெயர்களைவிடப் பொறுப்புகள்தான் உங்களுக்குத் தேவை. அடுத்து, "அவர் முதலில் எதைக் கேட்பார்?" என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேளுங்கள். ஆதரவாளர்கள் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்கள். தங்கள் மேலதிகாரியின் வழக்கமான முதல் கேள்வி அவர்களுக்கு மனப்பாடம்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: "இதைப் படித்தபின் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" ஒப்புதல் தருவதா, அடுத்த கூட்டத்துக்கு வருவதா, இப்படி ஒன்று நடக்கிறது என்று தெரிந்துகொள்வது மட்டுமா? மூன்றும் மூன்று வேறு குறிப்புகள். ஆதரவாளருக்கே தெளிவில்லை என்றால், இந்தக் கேள்வியே அவரை யோசிக்க வைக்கும்.

இன்னொன்றையும் நாசூக்காகத் தெரிந்துகொள்ளுங்கள்: இப்போது இருக்கும் நடைமுறையை அமைத்தவர் யார்? நம் எடுத்துக்காட்டில், இன்றைய பில் ஒப்புதல் முறையை வடிவமைத்தவர் அதே தகவல் தொழில்நுட்பத் தலைவர்தான். குறிப்பைப் பெறப்போகிறவர்களில் ஒருவர் அவர். "காலாவதியான முறை" என்று ஒரு சொல் உள்ளே புகுந்தால் போதும், அவர் எதிர்ப்பாளராகிவிடுவார். ஆதரவாளரும் அலுவலகத்தில் ஒரு நல்லுறவை இழப்பார்.

இரண்டாம் படி: ஸ்லைடு வரிசையை மறந்துவிடுங்கள்

விளக்கக்காட்சி பேசுவதற்காக அடுக்கப்பட்டது. நிறுவன அறிமுகம், சந்தையின் போக்கு, பிரச்சினை, தயாரிப்பு, வாடிக்கையாளர்கள், கட்டணம் என்று அது படிப்படியாக ஏறும். பேச்சில் அந்த ஏற்றம் வேலை செய்கிறது, ஏனென்றால் கேட்பவர் எழுந்து போக முடியாது. மின்னஞ்சல் படிப்பவர் எந்த வரியிலும் எழுந்து போகலாம். ஆகவே ஸ்லைடுகளை வரிசையாகச் சுருக்கினால், அவர் எழுந்து போன பிறகே முக்கியமான வரி வரும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது, கொஞ்சம் நேரம் பிடித்தாலும் தவறாத ஒரு வழி. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் எதிரே, அது எதை உறுதியாகச் சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எங்கள் அணுகுமுறை" என்பது வாக்கியம் அல்ல. "பில், கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு மூன்றும் பொருந்தினால் பில் மனிதர் கை படாமல் ஒப்புதலுக்குப் போகும்" என்பது வாக்கியம். பல ஸ்லைடுகளுக்கு எதிரே எழுத ஒன்றும் இருக்காது. அவை தலைப்புகள், படங்கள், மாறுதல் பக்கங்கள். எஞ்சிய வாக்கியங்களில், முதல் படியில் கிடைத்த கேள்விகளுக்கு விடையாக அமைபவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் 28 ஸ்லைடுகளில் இப்படி நின்றவை ஐந்து: மென்பொருள் என்ன செய்கிறது, இன்னொரு நிறுவனத்தில் கிடைத்த பலன், ஏற்கெனவே உள்ள கணக்கு மென்பொருளோடு எப்படி இணைகிறது, முன்னோட்டத்தின் கால அட்டவணை, வாடிக்கையாளர் தரப்பில் தேவைப்படும் ஆட்கள்.

சான்றாக ஒன்றை மட்டும் எடுங்கள். விளக்கக்காட்சியில் ஆறு வெற்றிக் கதைகள் இருந்தாலும், வாசகரின் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒன்றுதான் அவரிடம் எடுபடும். அதை எடுக்கும்போது அதன் நிபந்தனையையும் சேர்த்தே எடுங்கள். ஸ்லைடில் "60 சதவீதம் வரை நேர மிச்சம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடியில் சிறிய எழுத்தில், அது கொள்முதல் ஆணை உள்ள பில்களுக்கு மட்டும் என்று இருக்கும். சுருக்கும்போது பெரிய எழுத்து தங்கி, சிறிய எழுத்து உதிர்வதே வழக்கம். ஆனால் அந்தக் குறிப்பு ஆறு மாதம் கழித்து ஒப்பந்தப் பேச்சில் மேசைக்கு வரும். "நீங்கள் 60 சதவீதம் என்றீர்களே" என்று கொள்முதல் பிரிவு கேட்கும். அந்த எண்ணை உள்ளே கொண்டுபோனவர் ஆதரவாளர் என்பதால், பதில் சொல்லும் பொறுப்பு முதலில் அவர் தலையில் விழும்.

மூன்றாம் படி: யாருடைய குரல் என்று முடிவு செய்யுங்கள்

குறிப்பு ஆதரவாளரின் பெயரில் போகும்போது, "எங்கள் மென்பொருள்", "உங்கள் நிறுவனம்" என்ற சொற்கள் அனைத்தும் தலைகீழாகிவிடும். கணக்குப் பிரிவு மேலாளர் தன் நிதித் தலைவருக்கு "உங்கள் நிறுவனத்துக்கு எங்கள் தீர்வு" என்று எழுதமாட்டார். அவர் ஒவ்வொரு வரியையும் திருத்த வேண்டியிருந்தால், நீங்கள் மிச்சப்படுத்தியதாக நினைத்த வேலை அவரிடமே திரும்பிவிடுகிறது. எனவே விற்பனை நிறுவனத்தை எப்போதும் படர்க்கையில், அதன் பெயரால் அல்லது "விற்பனை நிறுவனம்" என்று குறிப்பிடுங்கள். வாடிக்கையாளர் நிறுவனத்தை "நம்" என்று எழுதுங்கள்.

இதில் ஓர் எல்லை உண்டு. ஆதரவாளரின் வாயில் தகவலை வைக்கலாம். கருத்தை வைக்கக் கூடாது. "இது நமக்கு மிகவும் பயன்படும் என நம்புகிறேன்" என்ற வரியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு வரியை அவரே தன் சொற்களில் மேலே சேர்த்துக்கொள்ளட்டும். அவர் எழுதும் ஒரு வரிக்கு உள்ளே இருக்கும் மதிப்பு, நீங்கள் எழுதும் பத்து வரிக்குக் கிடையாது. மேலதிகாரிகள் தங்கள் ஆளின் நடையை உடனே அடையாளம் காண்பார்கள்.

ஆதரவாளர் வாய்மொழியாகச் சொன்ன உள் எண்களையும் இதே எச்சரிக்கையோடு கையாள வேண்டும். மாதம் 2,400 பில்கள் வருகின்றன, ஒரு பில் ஒப்புதல் பெற 9 வேலை நாட்கள் ஆகின்றன என்று அவர் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். அந்தத் தாமதத்தால், விரைவாகப் பணம் செலுத்தினால் சப்ளையர்கள் தரும் தள்ளுபடிகள் கைவிட்டுப் போவது நிதித் தலைவருக்கு இதுவரை தெரியாமல் இருக்கவும் கூடும். அப்படியானால் உங்கள் குறிப்பு, ஆதரவாளர் தன் பிரிவின் மேலேயே புகார் எழுதியதுபோல ஆகிவிடும். எண்களைப் போட்டு எழுதுங்கள், ஆனால் அனுப்பும் முன் அந்த எண்களைக் குறிப்பிட்டு அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள்.

நான்காம் படி: எழுதுதல்

முதலில், வழக்கமாக எழுதப்படும் வடிவத்தைப் பாருங்கள்.

> எங்கள் நிறுவனம் பில் செயலாக்கத் துறையில் முன்னணித் தீர்வுகளை வழங்கிவருகிறது. அதிநவீனத் தொழில்நுட்பத்தின் துணையோடு 60 சதவீதம் வரை நேரத்தை மிச்சப்படுத்தும் எங்கள் தளம், உங்கள் நிறுவனத்தின் பழைய நடைமுறைகளை முற்றிலும் மாற்றியமைக்கும். மேலும் விவரங்களுக்கு இணைப்பைப் பார்க்கவும்.

இதில் பொய் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் நிதித் தலைவர் இதைப் படித்துவிட்டுச் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. "வரை" என்ற சொல், எந்தச் சூழலில் எவ்வளவு என்பதை மறைக்கிறது. "முற்றிலும் மாற்றியமைக்கும்" என்பது தகவல் தொழில்நுட்பத் தலைவரின் காதில் பல மாத வேலையாக ஒலிக்கும். "பழைய நடைமுறை" அவர் அமைத்தது.

இனி, அதே 28 ஸ்லைடுகளிலிருந்து எழுதிய இன்னொரு வடிவம்.

> பொருள்: சப்ளையர் பில் ஒப்புதல்: இரண்டாம் ஆலையில் 6 வார முன்னோட்டம், ஜூன் 14க்குள் முடிவு தேவை
>
> கேட்பது: பில் ஒப்புதல் மென்பொருளை இரண்டாம் ஆலையில் மட்டும் 6 வாரம் பயன்படுத்திப் பார்க்க அனுமதி. ஜூன் 14க்குள் தெரிவித்தால் காலாண்டுக் கணக்கு முடிப்பு வேலைக்குப் பிறகு தொடங்கலாம்.
>
> ஏன்: மாதம் சுமார் 2,400 பில்கள் வருகின்றன. ஒரு பில் ஒப்புதல் பெறச் சராசரியாக 9 வேலை நாட்கள். 10 நாட்களுக்குள் பணம் செலுத்தினால் சில சப்ளையர்கள் தரும் தள்ளுபடி இதனால் கிடைப்பதில்லை.
>
> என்ன செய்யும்: பில், கொள்முதல் ஆணை, சரக்கு வரவுச் சீட்டு மூன்றையும் ஒப்பிடும். பொருந்தினால் பில் நேராக ஒப்புதலுக்குப் போகும். பொருந்தாதவை மட்டும் கணக்குப் பிரிவுக்கு வரும் (பக்கம் 6).
>
> சான்று: நம்மைப் போன்ற ஓர் உற்பத்தி நிறுவனத்தில் ஒப்புதல் காலம் 8 நாளிலிருந்து 3 நாளானது (பக்கம் 11). இது கொள்முதல் ஆணை உள்ள பில்களுக்கு மட்டும். மற்றவற்றில் மாற்றம் இல்லை.
>
> நம் தரப்பில் தேவை: தகவல் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவர், மொத்தம் 3 நாள். கணக்குப் பிரிவில் இருவர், வாரம் 2 மணி நேரம். கணக்கு மென்பொருள் அப்படியே இருக்கும். முன்னோட்டத்தில் அதிலிருந்து தகவல் படிக்கப்படும், எதுவும் எழுதப்படாது (பக்கம் 17).
>
> செலவு: முன்னோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. தொடர்வது தனி முடிவு.
>
> அடுத்து: ஜூன் 10 அன்று 20 நிமிடக் கேள்வி-பதில் நேரம்.

சொற்கள் சற்றே குறைவானால் நல்லது. ஆனால் இங்குள்ள எந்தப் பத்தியையும் முழுதாக எடுத்துவிட முடியாது என்றே நினைக்கிறேன். கேட்பது மேலே இருக்கிறது. கைபேசியில் முதல் திரையோடு நிறுத்துபவருக்கும், தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது, எப்போதைக்குள் என்பது தெரிந்துவிடும். ஜூன் 14 ஏன் என்பதற்கு வாடிக்கையாளரின் சொந்தக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. விற்பனை நிறுவனத்தின் காலாண்டு இலக்குக்காக வைக்கும் கெடு உள்ளே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்; அதை ஆதரவாளர் சுமக்கவும் மாட்டார். உண்மையான காரணம் இல்லையென்றால், கெடு தேதியே வேண்டாம். கேள்வி-பதில் நேரத்தின் தேதி போதும்.

"நம் தரப்பில் தேவை" என்ற பத்திதான் இந்தக் குறிப்பின் கனமான பகுதி. விளக்கக்காட்சிகள் பலனைப் பற்றி நிறையப் பேசி, வாடிக்கையாளரின் ஆட்கள் எவ்வளவு நேரம் தர வேண்டும் என்பதைக் கடைசியில் ஒரு கால அட்டவணைக்குள் புதைத்துவிடும். ஆனால் "வேண்டாம்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பலனை மறுப்பதில்லை. "எங்கள் ஆட்களுக்கு நேரமில்லை" என்பார்கள். அந்த எண்ணை முன்னதாகவே சொல்லிவிட்டால், ஊகத்தில் வளர்ந்த பெரிய எண்ணுக்குப் பதிலாக உண்மையான சிறிய எண்ணோடு அவர்கள் பேசுவார்கள். உண்மையான எண் பெரியதாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் முன்னோட்டத்தின் இரண்டாம் வாரத்தில் அது வெளிவரும்.

"மற்றவற்றில் மாற்றம் இல்லை" என்ற வரியை உங்கள் மேலாளர் அடிக்கச் சொல்லலாம். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். எது முடியாது என்று சொல்லும் ஒரே வரி அது. கொள்முதல் ஆணை இல்லாத பில்கள் எத்தனை சதவீதம் என்று நிதித் தலைவருக்குத் தெரியும். அவர் மனத்தில் கணக்குப் போட்டுப் பார்த்து, மீதியை நம்புவார்.

கட்டணத்தை எழுதலாமா?

ஆதரவாளர் கேட்காமல் தொகையை எழுத வேண்டாம் என்பது என் கருத்து. சுருக்கக் குறிப்பு யார் யாரிடம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. நிபந்தனைகள் இல்லாத ஒரு தொகை நான்கு பேரைக் கடந்தால், அதுவே பேச்சுவார்த்தையின் தொடக்கப் புள்ளியாகிவிடும். போட்டி நிறுவனத்தின் கைக்கும் போகலாம். ஆனால் செலவைப் பற்றி ஒன்றுமே சொல்லாமலும் இருக்க முடியாது. நிதித் தலைவரின் கண் அந்த வரியைத் தேடும். இல்லையென்றால், மறைக்கிறார்கள் என்று எண்ணுவார். இப்போதைய கோரிக்கைக்கு என்ன செலவு என்பதை மட்டும் சொல்வது நடுவழி. முன்னோட்டத்துக்குக் கட்டணம் உண்டென்றால், அது யாருடைய ஒப்புதல் வரம்புக்குள் வருகிறது என்று ஆதரவாளரிடம் கேட்டு, அதை எழுதுங்கள். முழு விலைப் பட்டியல் தனி ஆவணமாக, தேதியோடும் செல்லுபடியாகும் காலத்தோடும், ஆதரவாளரிடம் மட்டும் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கோப்பைத் தயார் செய்தல்

விளக்கக்காட்சியைப் பிடிஎஃப் வடிவில் அனுப்புங்கள். பவர்பாயிண்ட் கோப்பாக அனுப்பினால், ஸ்லைடுகளின் அடியில் நீங்கள் பேசுவதற்காக எழுதிவைத்த குறிப்புகளும், மறைத்துவைத்த ஸ்லைடுகளும் கூடவே போகும். "இந்த இடத்தில் தள்ளுபடியைப் பற்றிப் பேச வேண்டாம்" என்ற குறிப்பை வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு படிப்பதை யாரும் விரும்பமாட்டார்கள். பவர்பாயிண்ட் கோப்பையே கேட்டால், அனுப்பும் முன் ஒரு நகலில் மறைத்த ஸ்லைடுகளை நீங்களே அழித்துவிட்டு, குறிப்புகளை இந்த வழியாகச் சோதித்து நீக்குங்கள்:

```
File > Info > Check for Issues > Inspect Document
```

பிடிஎஃப் ஆக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று பக்க எண். மறைத்த ஸ்லைடுகளை விட்டுவிட்டுப் பிடிஎஃப் எடுத்தாலும், ஸ்லைடின் மூலையில் அச்சாகும் எண் மாறாது. இரண்டு ஸ்லைடுகள் மறைக்கப்பட்டிருந்தால், பிடிஎஃப் கோப்பில் 9ஆம் பக்கமாக வருவதன் மூலையில் 11 என்று இருக்கலாம். குறிப்பில் "பக்கம் 11" என்று எழுதியிருந்தால், படிப்பவர் எதைத் திறப்பார்? மறைத்தவற்றை நகலிலிருந்து அழித்துவிட்டு எடுத்தால் இந்தக் குழப்பம் வராது. கோப்பின் பெயரையும் பாருங்கள். அதில் வேறு வாடிக்கையாளரின் பெயரோ, "இறுதி-புதிது-3" போன்ற வாலோ இருக்கக் கூடாது.

லிங்க்கைவிட இணைத்த கோப்பே நல்லது. ஆதரவாளரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி தரப்பட்ட லிங்க், அவர் அதை ஃபார்வர்டு செய்ததும் மற்றவர்களுக்குத் திறக்காது. நிதித் தலைவர் அனுமதி கேட்டுக் காத்திருக்கமாட்டார். யார் திறந்தார்கள், எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பதிவு செய்யும் லிங்க்குகளை இந்த இடத்தில் நான் பரிந்துரைக்கமாட்டேன். திறக்கும் முன் மின்னஞ்சல் முகவரி கேட்டால், அதைச் சங்கடமாக உணர்வது ஆதரவாளரின் சக ஊழியர்கள். பாதுகாப்புப் பிரிவு கண்டுபிடித்தால், விளக்கம் சொல்ல வேண்டியவரும் ஆதரவாளர்தான். கோப்பின் அளவைக் குறைத்துவிடுங்கள். ஜிமெயிலில் இணைப்புகளுக்கான உச்ச வரம்பு 25 எம்பி. பல நிறுவனங்கள் தங்கள் மின்னஞ்சலுக்கு இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்கின்றன.

ஆறாம் படி: இரண்டு மின்னஞ்சல்கள்

குறிப்பை இதுவரை நடந்த மின்னஞ்சல் தொடரில் பதிலாக எழுதாதீர்கள். ஃபார்வர்டு செய்தால் கீழே உள்ள எல்லாம் சேர்ந்து போகும்: கூட்ட நேரத்தை மாற்றிய பேச்சு, தள்ளுபடி விசாரிப்பு, "எங்கள் தகவல் தொழில்நுட்பப் பிரிவு கொஞ்சம் கடினம்" என்று ஆதரவாளர் நம்பிக்கையோடு எழுதிய வரி. புதிய மின்னஞ்சலாகத் தொடங்குங்கள்.

அதிலும் இரண்டு மின்னஞ்சல்கள் வேண்டும். ஒன்று ஆதரவாளருக்கு மட்டும். மற்றது சுருக்கக் குறிப்பும் கோப்பும் மட்டும் கொண்டது, வணக்கமோ நன்றியோ இல்லாமல், ஃபார்வர்டு பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலையில். முதல் மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

> வணக்கம். அடுத்து வரும் மின்னஞ்சலை நீங்கள் அப்படியே நிதித் தலைவருக்கும் தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கும் அனுப்பலாம், மாற்றியும் அனுப்பலாம். அனுப்பும் முன் இரண்டை மட்டும் பாருங்கள்: 2,400 பில்கள், 9 வேலை நாட்கள் என்ற எண்களை எழுத்தில் வைப்பது உங்களுக்குச் சரியா? ஜூன் 14 என்ற தேதி பொருந்துமா? மேலே உங்கள் சொற்களில் ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும்.

சுருக்கக் குறிப்பின் பொருள் வரியையும் இந்தப் பயணத்தை நினைத்தே எழுத வேண்டும். ஃபார்வர்டு ஆகும்போது அதன் முன்னால் `Fwd:` அல்லது `FW:` ஒட்டிக்கொள்ளும். "இன்றைய சந்திப்புக்கு நன்றி" என்று இருந்தால், மூன்றாம் மனிதரின் பெட்டியில் அது அவருக்குச் சம்பந்தமில்லாத ஒன்றாகவே தெரியும்.

அட்டவணை, வண்ணம், உள்ளே ஒட்டிய படம் எதுவும் வேண்டாம். இவை ஃபார்வர்டில் சிதையும். ஆதரவாளர் குறிப்பை அலுவலக அரட்டைக் குழுவில் ஒட்டினால் காணாமலே போகும். "கேட்பது:", "ஏன்:" போன்ற தலைச்சொற்கள் தடித்த எழுத்து போனாலும் நிற்கும். இன்னொரு சாத்தியமும் உண்டு. சிலர் ஃபார்வர்டு செய்யாமல் "அனைவருக்கும் பதில்" அழுத்தி, புதியவர்களைச் சேர்ப்பார்கள். பதிலில் இணைப்புக் கோப்புகள் கூட வராது. கோப்பு இல்லாமலேயே குறிப்பு முழுமையாகப் புரிய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனுப்பும் முன் உங்கள் இன்னொரு முகவரிக்கு அனுப்பி, அங்கிருந்து மீண்டும் ஒருமுறை ஃபார்வர்டு செய்து, கைபேசியில் திறந்து பாருங்கள். பிறகு, கூட்டத்துக்கு வராத ஒரு சக ஊழியரிடம் காட்டி, "உன்னிடம் என்ன கேட்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் மூச்சில் அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், முதல் பத்தியைத் திருத்துங்கள். இவை அனைத்தும் கூட்டம் நடந்த அன்றே, அதிகம் போனால் மறுநாள் காலைக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் ஆதரவாளரின் ஆர்வத்தை அவருடைய மற்ற வேலைகள் மூடிவிடும்.

போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

"நன்றி, பகிர்ந்துகொள்கிறேன்" என்ற பதில் எதையும் நிரூபிப்பதில்லை. நீங்கள் எழுதியிராத ஒருவரிடமிருந்து, குறிப்பான கேள்வி வருவதுதான் நல்ல அறிகுறி: "17ஆம் பக்கத்தில் படிக்கும் அனுமதி என்கிறீர்கள், எந்தக் கணக்கின் வழியாக?" பாதுகாப்புக் கேள்விப் பட்டியல் வந்தாலும், குறிப்பு தகவல் தொழில்நுட்பத் தலைவரின் மேசையை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். மாறாக, "இது எதற்கான மென்பொருள்?" என்று கேள்வி வந்தால், கோப்பு மட்டும் போயிருக்கிறது, குறிப்பு போகவில்லை. "இன்னும் கொஞ்சம் சுருக்கமாக ஏதாவது இருக்கிறதா?" என்று ஆதரவாளரே கேட்டால், நீளம் அல்ல பிரச்சினை, தன் பெயரில் அனுப்பத் தயங்கும் ஒரு வரி அதில் இருக்கிறது. எந்த வரி என்று நேராகக் கேளுங்கள்.

மூன்று வேலை நாட்கள் ஒன்றும் வரவில்லை என்றால், "அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்காதீர்கள், அது அவரைக் குற்றவாளியாக்கும். "நிதித் தலைவருக்குத் தள்ளுபடிக் கணக்கு இன்னும் விவரமாக வேண்டியிருக்குமா?" என்பது போல, அவருக்கு உதவும் கேள்வியாகக் கேளுங்கள். அனுப்பியிருந்தால் நடந்ததைச் சொல்வார்; அனுப்பவில்லை என்றால் தடையைச் சொல்வார்.

ஆதரவாளர் குறிப்பைத் திருத்தி அனுப்பியிருந்தால், அந்த வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அவர் "பில் ஒப்புதல்" என்பதை "பணப் பட்டுவாடா கட்டுப்பாடு" என்று மாற்றியிருந்தால், நிதித் தலைவரிடம் எடுபடும் சொல் அதுதான் என்று பொருள். அடுத்த கூட்டத்தில் விளக்கக்காட்சியின் தலைப்பே அந்தச் சொல்லாக இருக்க வேண்டும். செலவு வரியை அவர் நீக்கியிருந்தால், அதை எடுத்ததன் காரணத்தைக் கேளுங்கள். செலவுக்குக் கையெழுத்திடுபவர் நீங்கள் இதுவரை கேள்விப்படாத இன்னொருவராக இருக்கக்கூடும்.

குறிப்பு போன பிறகு விளக்கக்காட்சி மாறினால், உதாரணமாக முன்னோட்டம் 6 வாரத்திலிருந்து 8 வாரமானால், கோப்பை மட்டும் மாற்றி அனுப்பாதீர்கள். பழைய குறிப்பு யார் யார் பெட்டியிலோ கிடக்கிறது. அதில் 6 என்றுதான் இருக்கிறது. புதிய குறிப்பின் முதல் வரியில் தேதியைப் போட்டு, "ஜூன் 3 குறிப்புக்குப் பதிலாக இது, மாறியது முன்னோட்டத்தின் காலம் மட்டும், 6 வாரம் இப்போது 8 வாரம்" என்று எழுதி, முதல் குறிப்பு போன அதே ஆட்களுக்கு அனுப்பும்படி ஆதரவாளரிடம் கேளுங்கள்.